ஆத்தங்குடிக் கல் விளம்பரம்: படத்தில் இருப்பது நிஜத் தரையா, கணினியில் செய்ததா? கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

போன ஆவணியில் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஆத்தங்குடிக் கல்லுக்கான, அதாவது கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லுக்கான ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது நெசமான கல்லுதானா? பாதிப் பணம் முன்னாடியே கட்டச் சொல்றாங்க, கட்டட்டுமா?" என்று கேட்டான். கோட்டையூரில் உள்ள பூர்வீக வீட்டில் வளவுத் தரையைப் புதுப்பிக்க வேண்டும். அறுநூறு சதுர அடி, பத்து அங்குலக் கல் என்றால் சுமார் 870 கல். விளம்பரப் படத்தில் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, நடுமுற்றத்திலிருந்து வெயில் சாய்ந்து விழுகிறது, தரை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட கல் பளபளவென்று மின்னுகிறது. பார்த்தவுடன் யாருக்கும் ஆசை வரும்.

நான் ஆறு வருஷம் கோயம்புத்தூரில் டைல்ஸ் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் படம் செய்தவன். கேமராவே இல்லாமல், 3டி மென்பொருளில் அறை கட்டி, தரை போட்டு, விளக்கு வைத்து "போட்டோ" எடுப்பது என் வேலை. அதனால் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்தால் கை தானாக ஜூம் செய்யப் போய்விடும். அன்று தம்பிக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாப் பொருளுக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் உதவாது என்பதால் ஆத்தங்குடிக் கல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் செய்த படம் என்றாலே மோசடி என்று அர்த்தம் இல்லை. ஐகியா கம்பெனி தன் கேட்டலாக்கில் ஒரு மர நாற்காலியை முழுக்கக் கணினியிலேயே செய்து போட்டது 2006-இல். 2014 வாக்கில் அவர்களுடைய பொருள் படங்களில் முக்கால்வாசி அப்படித்தான் வந்தன. ஆனால் நாற்காலி கடையில் இருந்தது, போய் உட்கார்ந்து பார்க்கலாம். நாம் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு விஷயம்: படம் எப்படி வந்தது, அந்தக் கல் இவர் கையில் இருக்கிறதா. இரண்டும் வேறு வேறு கேள்வி. அதைக் கடைசி வரை மறக்காதீர்கள்.

கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் படத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியும்

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத்தில் வளைத்த உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சின்னக் கரண்டியால் நிறம் கலந்த சிமெண்ட் கரைசலை ஊற்றிவிட்டு, அச்சை மெதுவாகத் தூக்குகிறார்கள். அந்த நொடியில் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று முடியளவு கசியும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, திரும்பக் காயவைத்துக் கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மேலே எந்தப் பூச்சும் கிடையாது.

இதில் நமக்கு வேண்டியது ஒரு செய்தி. அச்சு ஒன்றே, ஆனால் ஊற்றும் கை ஒவ்வொரு தடவையும் வேறு. அதனால் நிஜத் தரையில் எல்லாக் கல்லிலும் பூ ஒரே பூவாக இருக்கும், இதழ் எண்ணிக்கை மாறாது. கோட்டின் நடுக்கமும் நிறக் கசிவும் ஊசிமுனை ஓட்டைகளும் மட்டும் கல்லுக்குக் கல் மாறும்.

3டி படத்தில் இது தலைகீழ். நாங்கள் ஒரு கல்லை ஸ்கேன் செய்து அதையே ஆயிரம் தடவை ஒட்டுவோம். கொஞ்சம் கவனமாக வேலை செய்பவர்கள் ஆறேழு கல்லை ஸ்கேன் செய்து கலந்து அடுக்குவார்கள், சிலதைத் திருப்பியும் வைப்பார்கள். எப்படிச் செய்தாலும் ஒரு கல்லில் இருந்த கசிவும் ஓட்டையும், அதாவது அதன் கறை, அப்படியே வேறு கல்லில் திரும்ப வரும்.

ஏஐ வரைந்த படத்தில் இன்னொரு விதமாக மாறும். அதற்கு அச்சு என்று ஒன்று இல்லை, பூத்தரை எப்படித் தெரியும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் பூவே மாறிப்போகும். ஒரு கல்லில் எட்டு இதழ், பக்கத்துக் கல்லில் ஏழு, நாலு வரிசை தள்ளிப் போனால் பூவா இலையா என்று சொல்ல முடியாத ஒரு குழப்பம்.

ஆக மூன்று நிலை. கறையும் சேர்த்து அப்படியே திரும்பினால் 3டி. பூவே மாறினால் ஏஐ. பூ ஒன்றாக இருந்து கறை மட்டும் மாறினால் அநேகமாக நிஜப் போட்டோ. இனிச் சொல்லப்போகும் எல்லாச் சோதனையிலும் எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது இதில்தான்.

படி 1: படத்தைப் பெரிய அளவில் கையில் எடுங்கள்

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதித் தகவல் போய்விடும். வாட்ஸ்அப் போட்டோவாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கும், கேமரா எழுதி வைத்த தகவலையும் அழித்துவிடும். விளம்பரத்தைத் திறந்து அங்கேயிருந்தே படத்தைச் சேமியுங்கள். விற்பவரிடம் கேட்பதென்றால், "டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள், அப்போதுதான் மூலக் கோப்பு அப்படியே வரும். பிறகு போனில் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையிலோ டேப்லெட்டிலோ பெரிதாக்கிப் பாருங்கள். ஆறங்குலத் திரையில் எல்லாப் படமும் நிஜம் மாதிரித்தான் இருக்கும்.

படி 2: எண்ணுங்கள்

முன்வரிசையில் தெளிவாகத் தெரியும் ஒரு கல்லை எடுத்து அதன் பூவில் இதழ்களை விரல் வைத்து எண்ணி எழுதுங்கள். மூலையில் கால் பூ இருந்தால் அதில் எத்தனை கோடு என்பதையும் எழுதுங்கள். அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று குறைந்தது பத்துக் கல்லாவது எண்ண வேண்டும். பிறகு நடுவில் ஒரு வரிசை. தூரத்து வரிசையில் எண்ண வேண்டாம், அங்கே நிஜப் போட்டோவிலும் எல்லாம் கலங்கித்தான் தெரியும், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எண்ணிக்கை ஒத்துப்போனால் அடுத்து கறையைத் தேடுங்கள். ஒரு கல்லில் சிவப்பு மஞ்சளுக்குள் சொட்டியிருக்கும் இடம், அல்லது ஒரு கீறல், எதையாவது மனதில் வைத்துக்கொண்டு அதே கறை வேறு கல்லில் வருகிறதா என்று பாருங்கள். கல்லைத் திருப்பி ஒட்டியிருக்கலாம் என்பதால் நாலு திசையிலும் தேட வேண்டும். இரண்டு இடத்தில் அதே கறை கிடைத்தால் அது அநேகமாக 3டி, இல்லாவிட்டால் பூவை அச்சடித்த டைல்ஸ். கையால் செய்த கல் இல்லை, சந்தேகமே வேண்டாம்.

தம்பி அனுப்பிய படத்தில் முன்வரிசையில் ஒன்பது கல். முதல் ஐந்தில் எட்டு இதழ், ஆறாவதில் ஏழு, எட்டாவதில் இரண்டு இதழ் ஒட்டிக்கொண்டு ஒரே இதழாகத் தடித்திருந்தது. ஒரு அச்சிலிருந்து இப்படி வரவே வராது. கை பிசகினால் நிறம் அறை மாறிப் போகும், கோடு தடித்துப் போகும், ஆனால் உலோகத் தகடு இரவோடு இரவாக ஒரு இதழை இழக்காது. அங்கேயே பாதி முடிவு தெரிந்துவிட்டது.

படி 3: பார்டர் திரும்பும் மூலை

நம் வீடுகளில் தரை சுவர் வரை ஒரே பூவாக ஓடாது. நடுவில் பூக்கல், சுற்றிலும் பார்டர், பார்டர் திரும்பும் இடத்தில் தனியாக மூலைக்கல். சுவரோடு சேரும் இடத்தில் அளவு சரியாக வராமல் வெட்டிப் போட்ட கல்லும் இருக்கும், ஏனென்றால் பழைய வீட்டில் எந்த அறையும் மிகச் சரியான சதுரம் இல்லை. ஒரு பக்கம் முழுக் கல்லும் எதிர்ப்பக்கம் முக்கால் கல்லும் வருவது சாதாரணம்.

ஏஐ படத்தில் இந்த மூலை பெரும்பாலும் தடுமாறும். பார்டர் கொடி ஒரு பக்கம் இலையோடு வந்து, திரும்பிய பின் வெறும் கோடாகப் போகும். தூணின் அடியில் கல் வெட்டப்படாமல் தூணுக்குள்ளேயே கரைந்து போகும். 3டி படத்தில் இதற்கு நேர்மாறாக எல்லாம் அளவுக்கு மீறிச் சரியாக இருக்கும், நாலு சுவரிலும் முழுக் கல்லாகவே முடியும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்து முடி பிசகாமல் ஒரே அகலத்தில் ஓடும்.

படி 4: பளபளப்பு

படத்தை நம்பவைப்பது பளபளப்புத்தான், மாட்டிவிடுவதும் அதுதான்.

ஆத்தங்குடிக் கல்லின் மினுக்கம் மென்மையானது. வருஷக்கணக்கில் கால் பட்டு, எண்ணெய் தடவித் துடைத்த வீட்டில் நன்றாக மின்னும், ஆனால் அங்கேயும் தூணின் நிழலுருவம் கல்லுக்குக் கல் லேசாக உடைந்து தெரியும். ஒவ்வொரு கல்லும் கையால் பதித்தது, மட்டம் ஒரு மயிரிழை மேலே கீழே இருக்கும், அதனால் ஒரு கல்லில் தெரியும் பிரதிபலிப்பு பக்கத்துக் கல்லில் சற்று நகர்ந்து தொடங்கும். படத்தில் தூணின் பிரதிபலிப்பு ஒன்பது கல்லைத் தாண்டியும் உடையாமல் நேராக ஓடுகிறது என்றால், அது ஒரே தட்டையான பரப்பின் மேல் படத்தை ஒட்டிய 3டியாக இருக்கலாம், இல்லாவிட்டால் பூப்போட்ட பாலிஷ் டைல்ஸாக இருக்கலாம். இரண்டுமே நீங்கள் கேட்ட கல் இல்லை.

இன்னொன்றை ஸ்கேல் வைத்தே பார்க்கலாம். கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்த படத்தில் தூண்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும். அப்போது ஒவ்வொரு தூணின் பிரதிபலிப்பும் அதன் அடியிலிருந்து அதே நேர்கோட்டில் கீழே இறங்க வேண்டும், பக்கவாட்டில் சாயக் கூடாது. தூணில் வளையமோ போதிகையோ இருந்தால் தரையிலும் அது அதே நேர்கோட்டில் தலைகீழாகத் தெரிய வேண்டும். தம்பி அனுப்பிய படத்தில் தூண்கள் நாலு, தரையில் தெரிந்த நிழலுருவம் ஐந்து. மூன்றாவது தூணின் பிரதிபலிப்பு அடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கியது.

வெயில் நிழலுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. வெளிச்சம் ஒரே சூரியனிலிருந்து வருவதால், தூணின் உச்சியையும் அதன் நிழலின் உச்சியையும் சேர்த்துக் கோடு போட்டால், எல்லாத் தூண்களின் கோடும் நீட்டிப் பார்க்கும்போது ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும், அல்லது ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். 3டி படம் இதில் தவறாது, அதில் சூரியனை நாங்களே ஒரு இடத்தில் வைத்துத்தான் கணக்குப் போடுவோம். தவறுவது ஏஐ படம்.

படி 5: படம் இதற்கு முன் எங்கே இருந்தது

கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும் போடாதீர்கள். போட்டால் "செட்டிநாடு வீடு" என்று நூறு வீட்டைக் காட்டும். தரையில் தெளிவான ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தேடுங்கள், பிறகு தூண் பகுதியைத் தனியாக. tineye.com-இல் போட்டால் முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி அடுக்கலாம், அதில் மேலே வருவதுதான் நமக்கு வேண்டியது.

அந்த விளம்பரத்தில் இரண்டாவதாக ஒரு படம் இருந்தது, ஒரே ஒரு கல்லை மிக அருகில் எடுத்தது. நிறக் கசிவு, ஊசி ஓட்டை, ஓரத்தில் லேசாக உப்புப் பூத்திருப்பது வரை எல்லாம் இருந்தது, நிஜப் போட்டோதான், எனக்குச் சந்தேகம் இல்லை. தேடிப் பார்த்தால் அதே படம் பல வருஷத்துக்கு முன்பே ஒரு சுற்றுலாப் பயணி தான் தங்கிய வீட்டைப் பற்றி எழுதிய பக்கத்தில் இருந்தது. கல் நிஜம், படமும் நிஜம், விற்பவருக்கும் அதற்கும் மட்டும் சம்பந்தம் இல்லை. இதைத்தான் ஆரம்பத்தில் இரண்டு கேள்வி என்று சொன்னேன்.

படி 6: கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது

கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் exiftool என்ற இலவசக் கருவியை நிறுவி இதை ஓட்டுங்கள்:

```
exiftool -a -G1 -s kal.jpg
```

Make, Model, DateTimeOriginal வரிகள் இருந்தால் போன் அல்லது கேமராவின் பெயரும் எடுத்த நாளும் தெரியும். Software வரியில் எந்த மென்பொருளில் சேமித்தது என்று வரலாம். DigitalSourceType என்ற வரியின் முடிவில் trainedAlgorithmicMedia என்று இருந்தால் ஏஐ செய்த படம் என்று படத்தைச் செய்த மென்பொருளே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் இதை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். ஒன்றுமே எழுதாமல் வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, சமூக வலைத்தளங்களும் வாட்ஸ்அப்பும் வழக்கமாகவே இவற்றை அழித்துவிடும். கேமரா பெயர் இருப்பதும் சாட்சி ஆகாது, exiftool-ஐ வைத்தே எந்தப் பெயரையும் எழுதி வைக்கலாம். "இது ஏஐயா" என்று சதவீதம் சொல்லும் இணையதளங்களையும் நான் முடிவுக்கு வைத்துக்கொள்வதில்லை. சுருக்கி சுருக்கிப் பல கை மாறி வந்த படத்தில் அவை நிஜத்தைப் பொய் என்றும் பொய்யை நிஜம் என்றும் சொல்லும்.

படி 7: விற்பவரிடம் கேட்க வேண்டியது

படத்தைப் பார்த்து எவ்வளவு கண்டுபிடித்தாலும், கல் கையில் இருக்கிறதா என்பதற்குப் பதில் இங்கேதான் வரும். கண்டுபிடிப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே வருகிறது, போன வருஷம் தவறிய இதழ் எண்ணிக்கை அடுத்த வருஷம் சரியாக வந்துவிடலாம். அதனால் இந்தப் படியை மட்டும் யாரும் விடக் கூடாது.

அழகான படத்தைக் கேட்காதீர்கள், அசிங்கமான படத்தைக் கேளுங்கள். கல்லின் முதுகு வேண்டும். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, மணல் தெரியும்படி இருக்கும். பிறகு பக்கவாட்டு: மேலே மெல்லிய நிறப் படலம், அதற்குக் கீழே சாம்பல் கலவை, மொத்தம் ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். உடைந்த கல் ஒன்று கிடந்தால் அதன் வாய் இன்னும் நல்லது, படலங்கள் தெளிவாகத் தெரியும். செய்யும் இடத்தில் உடைந்த கல் கிடக்காமல் இராது. இந்தப் படங்களை யாரும் விளம்பரத்துக்காக எடுத்து வைப்பதில்லை, இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும் அவ்வளவு சுலபம் இல்லை.

அடுத்து வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் நினைத்ததைச் செய்யச் சொல்ல வேண்டும்: ஒரு கல்லைத் தராசில் வையுங்கள், பத்து அங்குலக் கல் இரண்டரை கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை வரும். கல்லின் மேல் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். அடுக்கில் மேலிருந்து மூன்றாவது கல்லை உருவிக் காட்டுங்கள். நாலு கல்லை வெயிலில் சேர்த்து வைத்துச் சுற்றி வாருங்கள். கல் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

அந்த விளம்பரக்காரரிடம் தம்பி கல்லின் முதுகைக் கேட்டான். வந்தது இன்னொரு பளபளப்பான வளவுப் படம். திரும்பக் கேட்டபோது, "சார், ஸ்டாக் குடோன்ல இருக்கு, ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது" என்று பதில். வீடியோ காலுக்கு எடுக்கவே இல்லை. அதோடு விட்டோம்.

இதே மாதத்தில் எதிர்மாறாக ஒன்றும் நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஆத்தங்குடியிலேயே கல் செய்யும் ஒருவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது. படம் அப்பட்டமான 3டி, ஒரே கறை பதினொரு இடத்தில். போன் போட்டுக் கேட்டேன். "ஆமா தம்பி, மகன்தான் ஏதோ ஆப்ல போட்டுக் குடுத்தான், டிசைன் எப்படி வரும்னு பாக்கத்தான்" என்றார் பெரியவர். கல்லின் முதுகு வேண்டும் என்றேன். பத்து நிமிஷத்தில் நாலு போட்டோ வந்தது, ஒன்றில் அவருடைய கட்டைவிரல் பாதிப் படத்தை மறைத்திருந்தது, இன்னொன்றில் ஊறவைத்த தொட்டியும் பிரிக்காத கண்ணாடியோடு நிற்கும் அடுக்கும். விளம்பரப் படத்தை மட்டும் பார்த்துத் தள்ளியிருந்தால் நல்ல கைவேலைக்காரர் ஒருவரை இழந்திருப்போம்.

பணம்

முதலில் நாலு கல்லுக்கு மட்டும் பணம் கொடுத்து மாதிரி வாங்குங்கள். காரைக்குடிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அதைவிட நல்லது, ஆத்தங்குடிக்கு அரை மணி நேரம்தான், வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்த வேண்டாம், உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு cybercrime.gov.in-இலும் புகார் பதியுங்கள், பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். விளம்பரம், பேச்சு, பணம் போன ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பெரியவரிடம் வீடியோ காலில் பார்க்கும்போது உருவச் சொன்ன மூன்றாவது கல்லில், ஒரு இதழின் நுனியில் சிவப்பு கொஞ்சம் மஞ்சளுக்குள் இறங்கி மீன் வால் மாதிரிப் பிரிந்திருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கல்லையும் மாதிரியோடு சேர்த்து அனுப்பச் சொன்னேன். வைக்கோல் சுற்றி வந்த நாலு கல்லை சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பிரித்தபோது, இரண்டாவதாக எடுத்த கல்லில் அதே மீன் வால் இருந்தது. அன்று சாயங்காலம் தம்பி முன்பணம் அனுப்பினான்.